சபை பாடும்போது போனை எங்கே வைப்பது?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் அசனப் பண்டிகையோ ஸ்தோத்திரப் பண்டிகையோ வந்தால், சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் கோயிலில் முதலில் செய்யும் வேலை போனை எடுத்துப் பாட்டைப் பதிவு செய்வதுதான். இருநூறு பேர் ஒரே குரலாகக் கீர்த்தனை பாடுவார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், போனைப் பிடித்திருந்தவருக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் எங்கோ தொலைவில் முணுமுணுப்பார்கள். கோயிலில் கேட்ட பாட்டு இதுவல்லவே என்று தோன்றும்.

சித்தப்பா மேல் குற்றமில்லை. அவர் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடவில்லை, போனுக்குப் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். சபைப் பாட்டைப் பதிவு செய்வதில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல் இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும். அதனால் போனின் விலையைப் பற்றியும் செயலிகளைப் பற்றியும் யோசிக்குமுன் தூரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம் காதும் போனின் மைக்கும்

கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரின் குரல் நம்மை ஏன் தொந்தரவு செய்வதில்லை? நமக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன. எந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை பிரித்தறிந்து, வேண்டாததைத் தள்ளி வைத்துவிடுகிறது. பக்கத்து ஆளின் குரல் காதில் விழுந்தாலும் கவனம் முழுச் சபையின் மேல் இருக்கும். போனின் மைக்குக்கு அந்தக் கவனம் கிடையாது. தன்னை வந்து சேரும் காற்றழுத்தத்தை அளந்து எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. பெரும்பாலான போன்களின் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும் வகையைச் சேர்ந்தது. அதனால் போனை ஆல்டர் பக்கம் நீட்டிப் பிடித்தாலும், பின்னால் நிற்பவரின் குரல் குறையாது.

ஒரு வாயிலிருந்து நேராக வரும் ஒலியின் அழுத்தம், தூரம் இரண்டு மடங்கானால் பாதியாகும், பத்து மடங்கானால் பத்தில் ஒரு பங்காகும். இதை ஒரு சபையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது அடி நீளம், முப்பது அடி அகலம், இருபது அடி உயரம் உள்ள ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். சபையார் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை முப்பது அடிக்குள் நிற்கிறார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவே நடைபாதை. சிறு பிள்ளைகள் முன்னால் பாயில் இருக்கிறார்கள்.

முதல் வரிசையில் நிற்கும் ஒருவர் போனைக் கையில் பிடித்துப் பதிவு செய்கிறார் என்றால், பக்கத்து ஆளின் வாய்க்கும் போனுக்கும் ஒன்றரை அடி இருக்கும். கடைசி வரிசைக்கு முப்பது அடி. ஒரே அளவு சத்தமாகப் பாடினாலும் பக்கத்து ஆளின் நேரடிக் குரல் இருபது மடங்கு அழுத்தத்துடன் வந்து விழும். இவ்வளவு வித்தியாசத்தைப் பிறகு செயலியால் முழுமையாகச் சரிசெய்வது கடினம். ஒரே ஒலித்தடத்தில் கலந்துவிட்ட இரு குரல்களில் ஒன்றை மட்டும் சுத்தமாகக் குறைப்பது எளிதல்ல.

இப்போது அதே போனை ஒன்பது அடி உயர ஸ்டாண்டில் மாட்டி, முதல் வரிசைக்கு மூன்று அடி முன்னால் நிறுத்துவோம். நிற்பவரின் வாய் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கும். போன் அதற்கு நான்கடி மேலே. மூன்றடி முன்னால், நான்கடி மேலே என்றால் குறுக்குத் தூரம் சரியாக ஐந்தடி. கடைசி வரிசை முப்பத்துமூன்றடிக்கு அப்பால் இருக்கும். இருபது மடங்கு வித்தியாசம் ஆறேழு மடங்காகக் குறைந்துவிட்டது. இன்னும் பின்வாங்கி, ஸ்டாண்டை முதல் வரிசைக்குப் பத்தடி முன்னால், ஆல்டர் படிக்கட்டின் பக்கம் வைத்தால் முதல் வரிசை ஏறக்குறைய பதினோரு அடியிலும் கடைசி வரிசை நாற்பது அடியிலும் இருக்கும். வித்தியாசம் நான்கு மடங்குக்கும் குறைவு. போனும் மாறவில்லை, பாடுபவர்களும் மாறவில்லை. இடம் மட்டுமே மாறியது.

மேலே தூக்குவதற்கு இன்னொரு பலனும் உண்டு. பாயில் இருக்கும் பிள்ளைகளின் குரல் கூர்மையானது, சற்று முன்பின்னாகவும் வரும். போன் தாழ்வாக முன்னால் இருந்தால் பதிவு முழுவதும் பிள்ளைகளின் குரலாகவே இருக்கும். உயரத்தில் இருந்தால் அவர்களும் சபையில் ஒரு பகுதியாகிவிடுவார்கள்.

சுவர்கள் செய்யும் உதவி

நேரடிக் குரல் மட்டுமல்ல, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் மைக்கை வந்தடைகிறது. இந்த எதிரொலி கோயில் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கும். பாடுபவருக்கு மிக அருகில் நேரடிக் குரல் ஓங்கும், தள்ளிப் போகப் போக எதிரொலி ஓங்கும். இரண்டும் சமமாகும் ஒரு தூரம் உண்டு. கோயிலின் கன அளவையும், ஒலி அடங்க எடுக்கும் நேரத்தையும் வைத்து அதைக் கணக்கிடலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ள கோயிலில் ஆட்கள் நிரம்பியிருக்கும்போது ஒலி அடங்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அந்தத் தூரம் சுமார் ஐந்தடி.

ஐந்தடிக்குள் யார் நின்றாலும் அவர் தனி ஆளாகக் கேட்பார். அதைத் தாண்டியவர்கள் சபையாகக் கேட்பார்கள். எனவே போனுக்கு ஐந்தாறு அடிக்குள் யாரும் பாடக்கூடாது என்பதே முதல் விதி. பத்தடி என்றால் கவலையே இல்லை.

அதற்காக மிகவும் தள்ளிப் போய்விடவும் கூடாது. கோயிலின் பின்சுவரை ஒட்டியோ, வாசல் மண்டபத்திலோ போனை வைத்தால் நேரடிக் குரல் மங்கி எதிரொலியே மிஞ்சும். குரல்கள் நன்றாகக் கலந்திருக்கும், ஆனால் என்ன பாடுகிறார்கள் என்று புரியாது. பாட்டைத் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சரணத்தின் சொற்களைப் பிடித்துக்கொள்கிறாரா என்று பார்ப்பதே இதற்குச் சோதனை. சொற்கள் கரைந்து போயிருந்தால் நான்கைந்து அடி முன்னால் வர வேண்டும். குரல்கள் தனித்தனியாக உதிர்ந்து கேட்டால் பின்வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோயிலுக்கென்று ஓர் இடம் இருக்கிறது.

ஸ்டாண்டு நடைபாதைக்கு நேராக, நடுக்கோட்டில் இருக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் பிரிந்து உட்காரும் சபையில் இது மிக முக்கியம். நான்கடி ஒரு பக்கம் நகர்ந்தாலே அந்தப் பக்கத்துக் குரல் ஓங்கிவிடும். ஒரே ராகத்தை ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் மேல் ஸ்தாயியிலும் பாடும்போது, இரண்டும் சமமாக விழுந்தால்தான் பாட்டில் அந்த நிறைவு வரும்.

வீடியோ எடுப்பவர்கள் விளக்குக்குப் பயன்படுத்தும் லைட் ஸ்டாண்டு ஒன்பதடிவரை நீளும். அதன் உச்சியில் போன் ஹோல்டரை மாட்டிக்கொள்ளலாம். கால்களின் மேல் ஒரு மணல் பையை வைத்துவிட்டால் பிள்ளைகள் இடித்தாலும் சாயாது. கோயிலில் மேல்மாடம் இருந்து, அங்கே யாரும் உட்காராமல் இருந்தால் அதன் கைப்பிடிச் சுவரிலும் வைக்கலாம். ஆனால் போனுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் தரையில் நடக்கும் காலடி, மரத்தின் வழியாகத் தபலாவைப் போலக் கேட்கும். சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே ஒருபோதும் வைக்கக்கூடாது. மைக் துளையில் காற்று அடித்தால் பஃப் பஃப் என்று வரும் சத்தத்தை எடுக்கவே முடியாது. எந்த விசிறியை நிறுத்தலாம் என்று கோயில்பிள்ளையிடம் ஆராதனைக்கு முன்பே பேசி வைத்துவிடுவது நல்லது.

ஒலிபெருக்கி என்னும் இன்னொரு குரல்

கீர்த்தனையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், சபை திருப்பிப் பாடும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இருந்துவரும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு இப்படிப் பாட வசதியானது. முன்பெல்லாம் அடியெடுப்பவரும் வெறுங்குரலில்தான் பாடினார். இன்று அவர் வாய்க்கு இரண்டு அங்குலத்தில் ஒரு மைக் இருக்கிறது. பக்கச் சுவர்களில் தொங்கும் நான்கு ஒலிபெருக்கிகளும் அவர் ஒருவரின் குரலைத்தான் கொட்டுகின்றன. சபை எவ்வளவு ஓங்கிப் பாடினாலும் ஒலிபெருக்கியோடு போட்டியிட முடியாது. பதிவில் ஒரே குரல் மேலோங்கும்போது பக்கத்து ஆள் காரணமில்லை என்று தெரிந்தால், அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதற்குப் போனின் இடத்தை மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் அந்தக் குரல் எல்லா இடத்திலும் இருக்கிறது. அடியெடுப்பவரிடம்தான் பேச வேண்டும். முதல் சரணத்துக்கு மைக் இருக்கட்டும், ராகம் நிலைபெற்றதும் மைக்கை மூடிவிட்டு வெறுங்குரலில் பாடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். இருநூறு பேருக்குத் தெரிந்த பாட்டுக்கு இதுவே போதும். அவரும் ஆர்மோனியமும் முன்மேடையை விட்டுச் சபையின் நடுவரிசைக்கு வந்துவிட்டால் இன்னும் நல்லது. போனுக்கும் அவருக்கும் தூரம் கூடும், சுதியும் சபைக்குள்ளிருந்தே கிடைக்கும். மைக் இல்லாமல் முடியாது என்றால், அவர் பாடாதபோது சபையின் சொந்தக் குரல் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே உரத்த குரல் உள்ளவர்களும் சபையில் உண்டு. பாடிப் பழகிய குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மை இருக்கும். நம் காது அந்தப் பகுதியில்தான் மிக நுட்பமானது. அதனால் சத்தம் கூடுதலாக இல்லாவிட்டாலும் அந்தக் குரல் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்டவரைக் குரலைத் தாழ்த்தச் சொன்னால் அவர் பாடுவதையே விட்டுவிடுவார், சுற்றி இருப்பவர்களும் சுருங்கிவிடுவார்கள். "அண்ணாச்சி, கடைசி வரிசைக்குத் தாங்கலா யாருமில்ல, நீங்க அங்கன நின்னு தூக்கிக் கொடுங்க" என்று சொன்னால் அவர் சந்தோஷமாகப் போவார். பின்வரிசையின் மெலிந்த குரல்களுக்கு அவர் துணையாகிறார். போனிலிருந்து நாற்பதடியில் அவருடைய கூர்மையும் மழுங்கிவிடும்.

போனுக்குள் நடக்கும் வேலை

இடம் சரியாக அமைந்த பிறகும் பதிவு கெடலாம். போன் என்பது ஒருவர் மட்டும் அருகில் பேசுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அது தானாகவே இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பது. மெல்லிய ஒலியைத் தூக்கும், உரத்த ஒலியை அமுக்கும். கீர்த்தனைக்கு இது பெரிய கெடுதல். அடியெடுப்பவர் தனியாகப் பாடும்போது போன் அவரை மேலே தூக்கும். சபை முழுவதும் சேர்ந்து எழும்போது அதை அமுக்கும். ஒருவரும் இருநூறு பேரும் ஒரே அளவில் கேட்பார்கள், அதனால் பாட்டின் அலையே போய்விடும். இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. சபை ஒரு சரணத்தை முடித்து மூச்சு விடும் இடைவெளியைக் கேளுங்கள். அந்த ஒரு நொடியில் விசிறியின் இரைச்சல் பொங்கி மேலே வந்தால், போன் தானாகக் கூட்டிக் குறைக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, இரைச்சலை நீக்குவது. ஒரே சீராக நீளும் ஒலியை இரைச்சல் என்று போன் எடுத்துக்கொள்ளும். இருநூறு பேர் ஒரு கார்வையை நீட்டிப் பிடித்தால் அதையும் அப்படியே நினைத்து அரிக்கத் தொடங்கும். நீண்ட சுரங்கள் தண்ணீருக்கடியில் பாடுவது போலக் குழைவதும், பாட்டு முடிந்ததும் கோயிலில் நிற்கும் அந்த ஒலி சட்டென்று வெட்டுப்படுவதும் இதன் அடையாளங்கள். வாட்ஸாப் குரல் செய்தியில் பதிவு செய்தால் இந்தக் கோளாறுகள் எல்லாம் சேர்ந்து வரும். சபைப் பாட்டுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

ஆண்ட்ராய்டு போனில் ஒலிமூலத்தைத் தேர்ந்தெடுக்க விடும் ரெக்கார்டர் செயலிகள் உண்டு. அதில் Unprocessed என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல் இந்த வசதி இருக்கிறது, ஆனால் எல்லாப் போன்களிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. அதனால் மேலே சொன்ன விசிறிச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டே நம்ப வேண்டும். இரைச்சல் நீக்கம் என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அணைத்துவிட வேண்டும். ஐபோனின் Voice Memos அமைப்புகளில் Audio Quality என்பதை Lossless என்று மாற்றலாம். மற்றவற்றில் WAV வடிவம் நல்லது. ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு எம்பிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். வீடியோவாக எடுப்பவர்கள் நடுவில் ஜூம் செய்யக்கூடாது. சில போன்கள் படத்தோடு சேர்த்து ஒலியையும் அந்தப் பக்கமாகக் குவிக்கும், பாட்டின் நடுவில் சபையின் ஒலிச்சமநிலையே மாறிவிடும்.

ஒலியளவைக் கையால் வைக்க முடிகிற செயலி என்றால், சபை மிக உரக்கப் பாடும் பல்லவியில் மீட்டர் -12 அருகே ஏறி இறங்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், அதைப் பிறகு தைக்க முடியாது. குறைவாக இருந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். விமானப் பயன்முறையைப் போட மறக்கக்கூடாது. பாட்டின் நடுவில் ஓர் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும்.

ஆராதனைக்கு முன் கால் மணி நேரம்

ஸ்டாண்டை நிறுத்திப் பதிவைத் தொடங்கிவிட்டு, ஒருவரைக் கோயிலுக்குள் நடக்கவிட வேண்டும். முதல் வரிசையின் இடது மூலை, வலது மூலை, நடுப்பகுதி, கடைசி வரிசையின் இரு மூலைகள் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஒரே அளவு குரலில் பாட்டின் ஒரே அடியை அவர் பாடட்டும். எங்கே நிற்கிறார் என்பதையும் சொல்லிவிட்டுப் பாடட்டும். பிறகு இயர்போன் மாட்டிக் கேளுங்கள். இடது மூலைக்கும் வலது மூலைக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஸ்டாண்டு நடுவில் இல்லை. முதல் வரிசை முகத்துக்கு நேராகப் பாடுவது போலக் கேட்டால் இன்னும் பின்னால் போக வேண்டும். கடைசி வரிசையில் சொற்கள் புரியாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். காலியான கோயிலில் எதிரொலி எப்போதும் அதிகம். ஆட்கள் வந்து நிறைந்ததும் அவர்களின் உடையும் உடலும் அதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும்.

முதல் பாட்டு முடிந்ததும் ஒருமுறை எடுத்துக் கேட்க வாய்ப்பிருந்தால் கேளுங்கள். யாருடைய குரல் இது என்று பெயர் சொல்ல முடிகிறதா? ஒரு சரணம் முழுவதும் ஒரே ஆளை அடையாளம் காண முடிந்தால், அவருக்கும் போனுக்கும் உள்ள தூரத்தைக் கூட்ட வேண்டும். அங்கங்கே ஒரு குரல் தலைகாட்டி மறைந்தால் அது குறையல்ல. சபையில் மனிதர்கள் பாடுகிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த முறைக்கு எல்லை உண்டு. கடைசி வரிசையின் ஒலி முதல் வரிசையின் ஒலியைவிட நொடியில் ஏறக்குறைய 40-ல் ஒரு பங்கு தாமதமாகப் போனை அடைகிறது. முப்பதடி ஆழமுள்ள சபையில் இது குரல்களுக்கு ஒரு கனத்தைத் தரும். நூறடிக்கு மேல் நீளும் பெரிய தேவாலயத்தில் முன்வரிசையும் பின்வரிசையும் வெவ்வேறு தாளத்தில் பாடுவது போலாகிவிடும். அங்கே ஒரு போன் போதாது, சபையின் ஒரு பகுதியை மட்டும் பதிவு செய்கிறோம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். தகரக் கூரையில் மழை பெய்யும் நாளிலும், தவில் அளவுக்கு முழங்கும் டிரம்ஸ் வைத்திருக்கும் சபையிலும் குரல்களை மேலே கொண்டுவர இடத்தேர்வால் மட்டும் முடியாது.

பிறகு செய்யும் திருத்தம் சிறிதாக இருக்கட்டும். முழுப் பதிவின் அளவையும் ஒரே சீராகக் கூட்டலாம். ஒரு குரல் இன்னும் துளைத்தால் 3,000 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு மூன்று டெசிபல் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் எல்லோருடைய சொற்களும் சேர்ந்து மங்கும். எதிரொலி சேர்க்கும் வேலை வேண்டாம், கோயில் ஏற்கெனவே தன்னுடையதைக் கொடுத்திருக்கிறது. வெளியூரில் இருப்பவர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்தால் கோப்பு மாறாமல் போகும்.

நல்ல பதிவு கிடைத்ததும் செய்ய வேண்டிய கடைசி வேலை, ஸ்டாண்டின் மூன்று கால்களும் தரையில் நின்ற இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, உயரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கோயில்பிள்ளையிடம் கொடுப்பது. அடுத்த பண்டிகைக்கு யார் போனைக் கொண்டு வந்தாலும் அந்த மூன்று புள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.